கலவைக் கணக்கு: குறுக்கு முறையில் விடை எடுப்பது எப்படி?

வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று எந்த ஆப்டிட்யூட் தாளை எடுத்தாலும் கலவைக் கணக்கு தலைகாட்டும். இதற்கு x, y என்று சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். 'அலிகேஷன்' எனப்படும் குறுக்கு முறையில் இரண்டே கழித்தலில் விடை வந்துவிடும்.

ஒரு கணக்கோடு தொடங்குவோம். கிலோ 42 ரூபாய் அரிசியையும் 54 ரூபாய் அரிசியையும் கலந்து, கலவையின் அடக்க விலை கிலோ 46 ரூபாயாக வரவேண்டும். எந்த விகிதத்தில் கலப்பது?

முதலில் மேலே இடப்பக்கம் மலிவு விலையையும் வலப்பக்கம் கூடுதல் விலையையும் எழுதுங்கள். நடுவில் கலவையின் விலை. பிறகு மூலைவிட்டமாகக் கழியுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும், குறி பார்க்க வேண்டாம். 54க்கும் 46க்கும் உள்ள வித்தியாசம் 8. அது எதிர்மூலையில், 42க்கு நேர் கீழே போகும். 46க்கும் 42க்கும் உள்ள வித்தியாசம் 4. அது 54க்குக் கீழே போகும்.

```
42        54
     46
 8         4
```

8 : 4, அதாவது 2 : 1. மலிவு அரிசி இரண்டு பங்கு, விலை கூடியது ஒரு பங்கு. 42 ரூபாய் அரிசி 30 கிலோ இருக்கிறது என்று கேள்வியில் இருந்தால், மற்றது 15 கிலோ.

ஏன் குறுக்காகப் போகிறது? 42 ரூபாய் அரிசியை 46 என்று கணக்கில் வைத்தால் கிலோவுக்கு 4 ரூபாய் மிச்சம். 54 ரூபாய் அரிசியை 46 என்று வைத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் துண்டு விழும். அந்த ஒரு கிலோவின் துண்டை அடைக்க மலிவு அரிசி இரண்டு கிலோ வேண்டும். முறையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இனி, நிறையப் பேர் சறுக்கும் இடம். நடுவில் எழுதுவது அடக்க விலையாக இருக்க வேண்டும். விற்ற விலையை அங்கே எழுதக் கூடாது. அதே அரிசிக் கலவையை "கிலோ ரூ.55.20க்கு விற்றால் 20% லாபம்" என்று கேட்டால், முதலில் 55.20 ÷ 1.2 = 46 என்று இறக்கிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் 55.20ஐ நடுவில் வைத்தால் அது 42க்கும் 54க்கும் இடையில் இல்லை என்பது உடனே கண்ணில் படும். நடு எண் எப்போதும் இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். ஆனால் "ரூ.50.60க்கு விற்றால் 10% லாபம்" என்றால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. 50.60 இடையில்தான் இருக்கிறது. விகிதமும் 17 : 43 என்று ஏதோ ஒன்று வரும். அதையே ஓர் ஆப்ஷனாகவும் கொடுத்திருப்பார்கள்! அதனால் கேள்வியில் 'லாபம்' என்ற சொல் இருந்தால், குறுக்குக்கோடு போடும் முன்பே அடக்க விலைக்கு இறங்கிவிடுங்கள்.

பாலில் தண்ணீர் கலந்து வாங்கிய விலைக்கே விற்கும் கணக்கும் இதே ரகம்தான். பால் லிட்டர் 60 ரூபாய், லாபம் 20% என்றால் கலவையின் அடக்க விலை 60 ÷ 1.2 = 50. தண்ணீரின் விலை 0. தண்ணீருக்குக் கீழே 10, பாலுக்குக் கீழே 50. தண்ணீர் : பால் = 1 : 5.

விலையே இல்லாத கணக்கும் வரும். ஒரு பாத்திரத்தில் பால் : தண்ணீர் 5 : 3, இன்னொன்றில் 2 : 3. இரண்டையும் கலந்து சரிபாதி பாலாக ஆக்க வேண்டும். இங்கே 5/3, 2/3 என்று எழுதினால் கணக்கு கெட்டுவிடும். மொத்தத்தில் பால் எவ்வளவு என்பதை எழுத வேண்டும்: 5/8, 2/5, நடுவில் 1/2. முதல் பாத்திரத்துக்குக் கீழே 1/2 − 2/5 = 1/10; இரண்டாவதற்குக் கீழே 5/8 − 1/2 = 1/8. இரண்டையும் 40ஆல் பெருக்கினால் 4 : 5. சரிபார்க்கலாம்: 4 லிட்டரில் பால் 2.5, 5 லிட்டரில் பால் 2. ஆக 9 லிட்டரில் 4.5.

வேகக் கணக்கிலும் இது வேலை செய்யும், ஆனால் கிடைப்பது எதன் விகிதம் என்று பார்க்க வேண்டும். சிறிது நேரம் மணிக்கு 50 கி.மீ., மீதி நேரம் 80 கி.மீ., சராசரி 60 என்றால் குறுக்கில் 20 : 10, அதாவது 2 : 1 வரும். இது நேரத்தின் விகிதம். 'ஒரு கிலோவுக்கு' விலை சொன்னால் கிலோவின் விகிதம் கிடைப்பதுபோல, 'ஒரு மணிக்கு' வேகம் சொன்னால் மணியின் விகிதம்தான் கிடைக்கும். தூரம் கேட்டால் 2 × 50 : 1 × 80, அதாவது 5 : 4.

குறுக்கு முறைக்குச் சிக்காத ஒரு வகையும் உண்டு: பாலை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்வது. 40 லிட்டர் பாலில் 4 லிட்டர் எடுத்து 4 லிட்டர் தண்ணீர் ஊற்றுவது இரண்டு தடவை நடந்தால், ஒவ்வொரு தடவையும் பாலில் பத்தில் ஒன்பது பங்குதான் தங்கும். மிஞ்சும் பால் 40 × 9/10 × 9/10 = 32.4 லிட்டர். 'மீண்டும்', 'இரண்டாம் முறை' என்ற சொற்களைக் கேள்வியில் பார்த்தால் குறுக்குக்கோடு போடாமல் நேராக இப்படிப் பெருக்கிவிடுங்கள்.