கைவண்டியில் ஆறு வீட்டுக்குச் சரக்கு: சுற்றுப் பாதை போடும் முறை

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அதனால் எங்கள் மளிகைக் கடையிலிருந்து வீடுகளுக்குப் போகும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இரண்டு சக்கரக் கைவண்டியில்தான் போகிறது. தள்ளுகிற தம்பிக்கு ஒவ்வொரு நூறு மீட்டரும் உடம்பில் தெரியும். எந்த வீட்டுக்கு முதலில், எதற்கு அப்புறம் என்பதைக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் தாளில் போட்டுப் பார்ப்பதால் எவ்வளவு நடை மிச்சமாகிறது என்பதை ஒரு சுற்றை வைத்தே காட்டுகிறேன். ஒரு தாள், ஒரு பென்சில், கூட்டல் கழித்தல் போதும்.

எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆறு வீட்டை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். பத்து வீடு என்றால் 36 லட்சத்துக்கு மேல் போய்விடும். அதனால்தான் இதற்குக் குறுக்குவழிகள் வைத்திருக்கிறார்கள். நான் செய்வது இரண்டு வேலை: பக்கத்து வீடாகப் பிடித்து முதலில் ஒரு வரிசை போடுவது, பிறகு அதில் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்ட வீட்டை எடுத்து வேறு இடத்தில் செருகுவது.

படி 1: நடக்கும் தூரத்தை எழுதுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். போனில் வரைபடத்தைத் திறந்து, புள்ளிகள் பக்கத்தில் இருக்கின்றன என்று நம்பிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து நகர அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எண் போட்ட தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அவற்றை அனோரத்தா சாலையும் மகாபந்துலா சாலையும் கிழக்கு மேற்காக வெட்டுகின்றன. அனோரத்தாவுக்கு வடக்கே இருப்பது தெருவின் மேல் பகுதி, இரண்டு சாலைக்கும் நடுவே இருப்பது நடுப் பகுதி, மகாபந்துலாவுக்குத் தெற்கே கீழ்ப் பகுதி. முகவரியிலேயே எந்தப் பகுதி என்று எழுதுவார்கள். நடுப் பகுதியின் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஏறக்குறைய 50 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். இடையில் பெயருள்ள அகலத் தெருக்கள் வரும் இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இங்கே கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுகிறேன். உங்கள் பகுதிக்கு நீங்களே ஒரு தடவை நடந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது 27ஆம் தெரு நடுப் பகுதியின் சரிபாதியில் ஒரு வீடு, 28ஆம் தெருவில் அதே மட்டத்தில் இன்னொரு வீடு என்று வையுங்கள். வரைபடத்தில் 50 மீட்டர்தான். ஆனால் நடுவில் வரிசையாகக் கட்டடங்கள், வண்டியோடு குறுக்கே போக வழியில்லை. மேலே அனோரத்தாவுக்கு 125 ஏறி, 50 நடந்து, திரும்ப 125 இறங்க வேண்டும். மொத்தம் 300 மீட்டர், வரைபடம் காட்டியதைப் போல ஆறு மடங்கு.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: தெரு எண், அனோரத்தா மூலையிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே. ஒரே தெருவில் ஒரே பகுதி என்றால் அந்த மீட்டர்களின் வித்தியாசம்தான் தூரம். வேறு தெருவாக இருந்து, இரண்டும் நடுப் பகுதியில் என்றால், மேலே சுற்றினால் எவ்வளவு, கீழே சுற்றினால் எவ்வளவு என்று இரண்டையும் பார்த்துக் குறைந்ததை எடுங்கள். ஒன்று மேல் பகுதியிலும் மற்றது நடுப் பகுதியிலும் இருந்தால் எப்படியும் அனோரத்தாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் இரண்டு மீட்டரையும் கூட்டி, தெரு இடைவெளியைச் சேர்த்தால் போதும்.

நம் எடுத்துக்காட்டில் கடை 28ஆம் தெரு அனோரத்தா மூலையில், தெற்குப் பக்கம். வீடுகள்:

- அ: 29, நடு, 60 மீ
- ஆ: 29, நடு, 210 மீ
- இ: 32, நடு, 200 மீ
- ஈ: 26, நடு, 215 மீ
- உ: 25, நடு, 190 மீ
- ஊ: 27, மேல், 90 மீ

படி 2: பக்கத்து வீடாகப் பிடித்துக்கொண்டே போங்கள்

கடையில் நின்று பார்த்தால் மிகவும் பக்கம் அ: ஒரு தெரு தாண்டி 50, உள்ளே 60, மொத்தம் 110. அங்கிருந்து அதே தெருவில் இறங்கினால் ஆ, 150. ஆ வீட்டில் நின்று மீதி வீடுகளைப் பார்க்கிறோம். மகாபந்துலா வழியாக ஈ வீட்டுக்குப் போக 40 இறங்கி, மூன்று தெரு மேற்கே 150, திரும்ப 35 ஏற வேண்டும்: 225. இ வீட்டுக்குக் கிழக்கே போனால் அதே கணக்கில் 240. பதினைந்து மீட்டர் வித்தியாசத்தில் ஈ முந்திக்கொள்கிறது. இந்தப் பதினைந்து மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ வீட்டிலிருந்து உ 145. உ வீட்டிலிருந்து ஊ 380. மிச்சம் இருப்பது இ மட்டும், ஊ வீட்டிலிருந்து 540. அங்கிருந்து கடைக்குத் திரும்ப 400.

கடை → அ → ஆ → ஈ → உ → ஊ → இ → கடை
110 + 150 + 225 + 145 + 380 + 540 + 400 = 1950 மீ

படி 3: தப்பை அடையாளம் காணுங்கள்

மேலே உள்ள எண்களை ஒரு தடவை வாசியுங்கள். முதல் நான்கும் சிறியவை, கடைசி மூன்றும் பெரியவை. பக்கத்து வீடாகப் பிடிக்கும் முறையின் குணமே இதுதான். முதலில் கிடைப்பதையெல்லாம் மலிவாக எடுத்துக்கொண்டு, யாரும் எடுக்காமல் விட்ட ஒரு வீட்டைக் கடைசியில் தலையில் கட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஊ வீட்டிலிருந்து இ வீட்டுக்குப் போகும்போது வண்டி கடை வாசலைத் தாண்டியே போகிறது. சுற்று முடியுமுன் வண்டி நம் வாசலைக் கடந்தால் வரிசையில் எங்கோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். எடை போட்டுக்கொண்டு நிற்கிறேன், தம்பி பாதி காலி வண்டியோடு வாசலைத் தாண்டிக் கிழக்கே போகிறான். "என்னடா, முடிச்சிட்டியா?" என்றேன். "இல்லண்ணே, 32ஆம் தெரு அக்கா வீடு பாக்கி" என்றான். அதே நேரம் அந்த அக்கா போனில்: "தம்பி, இட்லி அரிசி எப்ப வரும்? ஊறப் போடணுமே." அவன் முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே அவர்கள் தெருவுக்கு மூன்று தெரு பக்கத்தில், ஆ வீட்டு வாசலில் நின்றிருக்கிறான்.

படி 4: எடுத்துச் செருகுங்கள்

சந்தேகப்படும் வீட்டை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இ வீட்டுக்காக 540 போய் 400 திரும்புகிறோம். அதை எடுத்துவிட்டால் ஊ வீட்டிலிருந்து நேரே கடைக்கு 140 தான். மிச்சம்: 540 + 400 − 140 = 800.

இனி அந்த வீட்டை மற்ற இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஆவுக்கும் ஈக்கும் நடுவில் வைத்தால் ஆ → இ 240, இ → ஈ 385. முன்பு அந்த இடத்தில் இருந்தது 225. கூடுதல் செலவு: 240 + 385 − 225 = 400. கடைக்கும் அவுக்கும் நடுவில் வைத்தால் 400 + 390 − 110 = 680. அவுக்கும் ஆவுக்கும் நடுவில் 390 + 240 − 150 = 480. மற்ற இடைவெளிகளையும் போட்டுப் பார்த்தேன், 400க்குக் கீழே எதுவும் இறங்கவில்லை.

எண்ணூறு மிச்சம், நானூறு செலவு. மாற்றிவிடலாம்.

கடை → அ → ஆ → இ → ஈ → உ → ஊ → கடை
110 + 150 + 240 + 385 + 145 + 380 + 140 = 1550 மீ

ஆ வீட்டில் பதினைந்து மீட்டர் கூடுதலாகக் கொடுத்துக் கிழக்கே திரும்பியதால் மொத்தத்தில் 400 மீட்டர் குறைந்தது. இதேபோல் மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் எதை மாற்றியும் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். உலகத்திலேயே சிறந்த வரிசை இதுதான் என்று இந்த முறை உறுதி சொல்லாது. ஆனால் ஆறேழு வீட்டில் கண்ணுக்குத் தெரியும் வீண் நடை போய்விடும்.

படி 5: எந்தத் திசையில் சுற்றுவது

போட்ட வரிசையைத் தலைகீழாக நடந்தாலும் அதே 1550 தான். ஆகவே திசையைச் சுமை முடிவு செய்யட்டும். அன்றைக்கு ஊ வீட்டில் 15 வீசை அரிசி கேட்டிருந்தார்கள். (இங்கே ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ.) அதாவது 24 கிலோ. நேர் வரிசையில் போனால் அந்த மூட்டை 1410 மீட்டர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும். தலைகீழாகப் போனால் 140 மீட்டரில் இறங்கிவிடும். தலைகீழாகத்தான் அனுப்பினேன்.

இதற்கு எதிராக ஒன்று உண்டு. யாராவது நேரம் குறித்துச் சொல்லியிருந்தால் சுமையைவிட அதுதான் முக்கியம். பாயசத்துக்குத் தேங்காய் கேட்டவர் வீட்டுக்கு விளக்கு வைத்த பிறகு போய் நிற்க முடியாது. இரண்டு திசையிலும் அந்த வீடு எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்து, சீக்கிரம் வரும் திசையை எடுங்கள். அதுவும் போதாவிட்டால் அந்த வீட்டை முதலில் வைத்துவிட்டு மற்றதற்குப் படி 2இலிருந்து போடுங்கள். நடை கூடும், கூடட்டும்.

மாடி வீடுகள்

லிப்ட் இல்லாத ஐந்தாறு மாடிக் கட்டடங்கள்தான் இங்கே நிறைய. பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், எட்டிப் பார்ப்பார்கள், பையை மாட்டிவிட்டால் இழுத்துக்கொள்வார்கள். இரண்டு வீசை வரை நாங்கள் கயிற்றில் விடுவோம். அதற்கு மேல் என்றால் தம்பி படியேற வேண்டும், கீழே வண்டியைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

மாடி ஏறும் நேரம் எந்த வரிசையில் போனாலும் அதேதான், ஆகவே அதைத் தூரக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் எப்போது வரும் என்று போனில் சொல்லும்போது கட்டாயம் சேருங்கள். படியேற வேண்டிய வீட்டுக்கு முகவரி பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைப்பேன். கயிறு வீட்டுக்குக் கோடு இல்லை. ஒரு தாளில் மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் அதை ஒரே சுற்றாக அனுப்பாமல், கடைக்குக் கிழக்கே இருப்பவற்றையும் மேற்கே இருப்பவற்றையும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்துவிடுகிறேன்.