எல்லா விதியையும் ஒரே நேரத்தில் பின்பற்ற முடியுமா? சோதிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு வாசிப்பறையின் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது.

1. அறையில் ஆள் இருந்தால் ஏசி ஓட வேண்டும், அல்லது ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.
2. ஜன்னல் எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.
3. ஏசி ஓடினால் கதவு மூடியிருக்க வேண்டும்.
4. அறையில் ஆள் இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.
5. வேலை நேரம் முழுக்க அறையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

தனித்தனியாகப் படித்தால் எல்லாமே நியாயமானவைதான். ஆள் இருந்தால் காற்று வேண்டும், புத்தகத்தில் தூசி படியக்கூடாது, குளிர் வெளியே போகக்கூடாது. சரி, வேலை நேரத்தில் இந்த ஐந்தையும் ஒன்றாகப் பின்பற்ற முடியுமா?

இதைச் சோதிக்கப் பலர் உடனே செய்வது, விதிகளை இரண்டிரண்டாக எடுத்து மோதுகிறதா என்று பார்ப்பது. ஐந்து விதிகளில் மொத்தம் 10 ஜோடிகள். பொறுமையாகப் பார்த்தால் ஒரு ஜோடிகூட மோதாது. மும்மூன்றாகப் பார்த்தாலும் மோதாது. ஏன், ஐந்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள், மீதி நான்கும் ஒத்துப்போகும். இரண்டாவது இல்லையென்றால் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலையும் கதவையும் திறந்து வைக்கலாம். மூன்றாவது இல்லையென்றால் கதவைத் திறந்துபோட்டே ஏசியை ஓட்டலாம். நான்காவது இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு ஏசி போடலாம். முதல் விதி போனால் ஏசியும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம், கதவு மட்டும் திறந்திருக்கட்டும். புழுங்கும், ஆனால் விதி மீறல் இல்லை. ஐந்தாவது போனால் அறையைக் காலியாக விட்டுவிடலாம். சிக்கல் ஐந்தும் சேரும்போது மட்டும்தான் பிறக்கிறது. ஜோடி பார்த்துச் சரி சொல்கிறவர் கண்ணில் அது படவே படாது.

அதனால் எல்லா விதிகளும் நடக்கின்றன என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரே காட்சிக்குள் முரண்பாடு வருகிறதா என்று தேட வேண்டும். டச்சு தர்க்கவியலாளர் எவர்ட் பெத் 1955-இல் இதற்கு முறையான வடிவம் ஒன்றைக் கொடுத்தார். இன்று மரம் போல வரைந்து பழகுகிறார்கள். முதல் வேலை, ‘வேண்டும்’ என்பதைக் கழற்றிவிட்டு விதி நடந்தேறிய நிலையை எழுதுவது. கட்டளைக்கு உண்மை, பொய் கிடையாது. ‘ஜன்னல் மூடியிருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு உண்டு.

நேரடியாக ஒரு செய்தியைச் சொல்லும் விதிகளை முதலில் எழுதுங்கள்: ஆள் இருக்கிறார், ஜன்னல் மூடியிருக்கிறது. இனி நான்காவது விதி. ‘ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும்’ என்பது இரண்டு வழிகளில் நிறைவேறும்: ஆளே இல்லை, அல்லது கதவு திறந்திருக்கிறது. ஆகவே மரம் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ‘ஆள் இல்லை’ என்ற கிளை மேலே எழுதியதோடு முட்டுகிறது, அந்த வழி அடைபட்டது என்று காட்ட அதன் நுனியில் பெருக்கல் குறி. கதவு திறந்த கிளை மட்டும் மிச்சம். அதன் கீழே முதல் விதியைப் பிரித்தால் மூன்று கிளைகள்: ஆள் இல்லை, ஏசி ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. முதலும் கடைசியும் முட்டுகின்றன, ஏசி ஓடும் கிளை மட்டும் தப்புகிறது. அங்கே மூன்றாவது விதி: ஏசி ஓடவில்லை, அல்லது கதவு மூடியிருக்கிறது. ஒன்று ஏசியோடு முட்டுகிறது, மற்றொன்று திறந்த கதவோடு. எல்லாக் கிளைகளும் அடைபட்டாயிற்று. வேலை நேரத்தில் இந்த ஐந்தையும் பின்பற்ற வழியே இல்லை.

நேரடி விதிகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலிலேயே பிரிக்க ஆரம்பித்தாலும் இதே முடிவுதான் வரும், ஆனால் தாள் நிறைந்துவிடும். அதை விட மோசமானது, முதல் பெருக்கல் குறியைப் பார்த்ததும் ‘முரண்பாடு கிடைத்துவிட்டது’ என்று பேனாவை மூடுவது. ஒரு கிளை அடைபட்டால் அந்த வழி மட்டும்தான் அடைபடுகிறது. எல்லாக் கிளையும் அடைபட்டால்தான் முரண்பாடு. எதிர்த்திசையிலும் இதே அவசரம் உண்டு: ஏசி ஓடும் கிளை திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்பவர் மூன்றாவது விதியை இன்னும் பிரிக்கவே இல்லை.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் தவறு ‘இருந்தால்’ என்ற சொல்லைச் சுற்றியது. மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் காட்டி, ‘ஒன்று மூடு என்கிறது, மற்றொன்று திற என்கிறது, நேரடி மோதல்’ என்பார்கள். மோதலே இல்லை. ஆள் இருக்கும்போது ஏசி ஓடக்கூடாது என்பதுதான் இரண்டும் சேர்ந்து சொல்வது. ‘ஏசி ஓடினால் கதவு திறந்திருக்கட்டும்’ என்று ஒரு விதியும், ‘ஏசி ஓடினால் கதவு மூடியிருக்கட்டும்’ என்று இன்னொன்றும் இருந்தால்கூட அவை முரண்பாடு ஆகாது; ஏசியைத் தொடாமல் இருந்தால் இரண்டையும் பின்பற்றியதாகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஐந்தாவது விதி இல்லாத தாளைச் சோதித்தால் மரத்தில் ஒரு கிளை திறந்தே நிற்கும்: ஆள் இல்லை, ஏசி ஓடவில்லை, ஜன்னல் மூடியிருக்கிறது. ஆகவே விதிகள் ஒத்துப்போகின்றன. உண்மைதான், ஆனால் யாருமே நுழையாத வாசிப்பறையில்! ‘பின்பற்ற முடியும்’ என்ற பதிலோடு நிறுத்தினால் இது தெரியாது. எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டிய நிலையில் சோதிக்க விரும்பினால், ‘ஆள் இருக்கிறார்’ என்பதை ஒரு வரியாகச் சேர்த்தே மரத்தைத் தொடங்க வேண்டும். அதை மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் பாதி வழியில் மறந்துவிடுவோம்.

முரண்பாடு கிடைத்த பிறகு அடுத்த சறுக்கல், கடைசியாக முட்டிய விதியின் தலையில் பழியைப் போடுவது. மேலே கடைசியில் முட்டியது மூன்றாவது விதி, நான் அதைக் கடைசியில் பிரித்தேன் என்பதால். நான்காவதைக் கடைசியில் வைத்திருந்தால் அது மாட்டியிருக்கும். எதை விடலாம் என்று மரம் சொல்லாது. தூசியா, புழுக்கமா, கரண்ட் செலவா என்பது அறையை நடத்துகிறவரின் முடிவு.

அந்த முடிவுக்குப் போகும் முன் சொற்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரே சொல் இரண்டு விதியில் இரண்டு பொருளில் வந்தால் நாம் போட்ட பெருக்கல் குறி செல்லாது. நேரமும் அப்படித்தான்: காலையில் திறந்த கதவும் மாலையில் மூடிய கதவும் முட்டாது. இந்தத் தாளை எழுதியவரிடம் நான் மரத்தைக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். “கதவு திறந்திருக்கணும்னா தாழ்ப்பாள் போடக்கூடாதுன்னு அர்த்தம். உள்ளே யாராவது மயங்கி விழுந்தா நாங்க நுழையணுமே!”

அப்புறம் என்ன, நான்காவது விதியைத் திருத்தி மரத்தை மறுபடி போட்டேன். ‘கதவு சாத்தியிருக்கிறது’, ‘கதவு தாழிட்டிருக்கிறது’ என்று இரண்டு தனி வாக்கியங்கள் ஆகிவிட்டன. முன்பு கடைசியில் முட்டிய கிளை இப்போது முட்டவில்லை: ஆள் இருக்கிறார், ஜன்னல் மூடியிருக்கிறது, ஏசி ஓடுகிறது, கதவு சாத்தியிருக்கிறது, தாழிடவில்லை. திருத்திய ஐந்து விதிகளோடும் இந்த நிலையை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எதையும் அது மீறவில்லை.