கைடுலைன் மதிப்பா, பேசிய விலையா? ஐந்து செண்ட் மனையை வைத்து ஒரு கணக்கு

பாளையங்கோட்டைக்கு வெளியே என் தங்கைக்கு ஐந்து செண்ட் மனை ஒன்று பேசினோம். செண்ட் ஆறு லட்சம், மொத்தம் முப்பது லட்சம். அட்வான்ஸ் கொடுக்க உட்கார்ந்தபோது தரகர் சொன்னார்: "அண்ணாச்சி, பத்திரத்துல கைடுலைன் மட்டும் போட்டுக்கிடுவோம். மிச்சத்த கையில குடுத்துருங்க. உங்களுக்கும் செலவு மிச்சம், அவங்களுக்கும் வரி மிச்சம்." எங்கள் பக்கத்தில் மனை வாங்கிய எல்லோருமே இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அதில் எது மிச்சம், எது நஷ்டம் என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் முறை நிலம் வாங்குபவர்களுக்காக அதையே வரிசையாக எழுதுகிறேன். தொகைகள் அந்த மனைக்கானவை. உங்கள் தெருவுக்கு மதிப்பு வேறாக இருக்கும், கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

முதலில், இரண்டு மதிப்பும் என்னவென்று

வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுத் துறை ஒவ்வொரு தெருவுக்கும் புல எண்ணுக்கும் முன்கூட்டியே வைத்திருக்கும் தொகை. பேச்சில் கைடுலைன் என்போம். சந்தை மதிப்பு என்பது விற்பவரும் வாங்குபவரும் மனமொத்து உண்மையில் கைமாற்றும் விலை. சட்டப்படி முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பின் மேல்தான் கட்ட வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் கண்டுபிடிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே, அதற்காக வந்ததுதான் கைடுலைன். நடைமுறை இதுதான்: பத்திரத்தில் எழுதிய விலை, கைடுலைன், இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கட்டணம்.

படி 1: கைடுலைனை நீங்களே பாருங்கள்

விற்பவரிடம் மூலப் பத்திரத்தின் நகலும் பட்டாவின் நகலும் வாங்குங்கள். புல எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதெல்லாம் அவற்றிலேயே இருக்கும். பிறகு tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்புப் பகுதிக்குப் போய் மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால், தெருப்படி பார்ப்பதா புல எண்படி பார்ப்பதா என்று கேட்கும். இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே தொகை வராத இடங்கள் உண்டு. அப்படி வந்தால், எந்த மதிப்பை எடுப்பார்கள் என்று பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

அலகைக் கவனியுங்கள். மனைக்குச் சதுர அடியிலும், நஞ்சை புஞ்சைக்கு ஏக்கர் அல்லது ஹெக்டேர் கணக்கிலும் மதிப்பு இருக்கும். நாம் பேசுவதோ செண்டில். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. நூறு செண்ட் ஒரு ஏக்கர். ஆற்றுப் பாசன ஊர்களில் பெரியவர்கள் இன்னும் மரக்கால் விதைப்பாடு என்று அளவு சொல்வார்கள். அதை வைத்து விலை பேசாதீர்கள், பட்டாவில் உள்ள பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மனை ஐந்து செண்ட், அதாவது 2,178 சதுர அடி. அந்தத் தெருவுக்குச் சதுர அடி 600 ரூபாய். பெருக்கினால் கைடுலைன் மதிப்பு 13,06,800 ரூபாய். பேசிய விலையில் பாதிகூட இல்லை.

இன்னொன்று, பதிவு நடக்கும்போது அமலில் உள்ள கைடுலைன்தான் செல்லும். அட்வான்ஸ் போட்டு ஆறு மாதம் இழுத்து, அதற்குள் மதிப்பு ஏறிவிட்டால், ஏறிய கணக்கில்தான் கட்ட வேண்டும்.

படி 2: சந்தை விலையைத் தேடுங்கள்

கைடுலைன் திரையில் வந்துவிடும். சந்தை விலைக்கு அலைய வேண்டும். வில்லங்கச் சான்றில் பார்த்துவிடலாம் என்று நினைத்து, பக்கத்து மனைகளின் புல எண்களைப் போட்டு நானும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு தொகை இருக்கும். நான் பார்த்த பதிவுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன, இரண்டுமே கைடுலைனை ஒட்டியே இருந்தன. எல்லோரும் தரகர் சொன்ன வழியில் போயிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் வில்லங்கத்தில் உள்ள தொகையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் நடக்காது. அதே தெருவில் கடைசி ஒரு வருஷத்தில் வாங்கியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு, நேரில் போய்க் கேட்பதே வழி. "என்ன விலை சொல்லுதாங்க" என்று கேட்காதீர்கள், "என்ன விலைக்கு முடிஞ்சுது" என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே செண்டுக்கு ஒரு லட்சம் வித்தியாசம் வருவது சாதாரணம்.

படி 3: பதிவுச் செலவை இரண்டு விதமாகவும் போடுங்கள்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, அதனோடு சேர்ந்த சொத்து மாற்று வரி உட்பட, 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9. (2017 முதல் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் கைடுலைனை உயர்த்தியபோது இதைக் குறைத்தார்கள்.) 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் பத்து லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. எங்கள் மனை அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

கைடுலைனுக்குப் பதிந்தால் 13,06,800-க்கு 9 சதவீதம், 1,17,612 ரூபாய். உண்மை விலைக்குப் பதிந்தால் முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். வித்தியாசம் 1,52,388. தரகர் சொன்ன மிச்சம் இதுதான். சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

படி 4: அந்த மிச்சத்துக்கு என்ன விலை என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் மூன்றாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

தங்கை அந்த மனையைச் சில வருஷம் வைத்திருந்து நாற்பது லட்சத்துக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குகிறார், அதனால் முழு விலையையும் பத்திரத்தில் போடச் சொல்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் மனையின் லாபத்துக்கு இப்போது 12.5 சதவீதம் வருமான வரி. பத்திரத்தில் முப்பது லட்சம் இருந்தால் லாபம் பத்து லட்சம், வரி 1,25,000. பத்திரத்தில் 13,06,800 இருந்தால் லாபம் 26,93,200 ஆகிவிடுகிறது, வரி 3,36,650. செஸ் தனி. கையில் கொடுத்த மிச்சப் பணத்துக்குச் சாட்சி கிடையாது என்பதால் அதையும் அவளுடைய லாபமாகவே எடுத்துக்கொள்வார்கள். 2,11,650 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். இன்று மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தைவிட இது அதிகம். விற்கிறவருடைய லாபத்தின் வரிச் சுமையை வாங்குகிறவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், நடப்பது அவ்வளவுதான்.

கையில் கொடுக்கும் பணத்துக்கு வேறு ஆபத்தும் உண்டு. நிலம் விற்பதற்காக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். நாளைக்கு உரிமையில் வழக்கு வந்து கிரயம் செல்லாமல் போனால், பத்திரத்தில் உள்ள பதின்மூன்று லட்சத்தைத்தான் திரும்பக் கேட்க முடியும். மீதிப் பதினேழு லட்சத்தை எதைக் காட்டிக் கேட்பது? நான்கு வழிச்சாலைக்கோ புறவழிச்சாலைக்கோ நிலம் எடுத்தால், இழப்பீட்டுக்குக் கைடுலைனையும் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயங்களின் விலையையும்தான் பார்க்கிறார்கள். ஊரே குறைத்து எழுதியிருந்தால் ஊருக்கே குறைவாகத்தான் வரும். என் மனசு மாறியதற்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய காரணம்.

படி 5: கைடுலைன் சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால்

இதுவும் நடக்கிறது. மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு புல எண்ணுக்கு ஒரே மதிப்பு வைத்திருப்பார்கள். ரோட்டு முகப்பு மனைக்கு அது சரி. அதே எண்ணில் பின்னால், பத்தடிப் பாதையில் போக வேண்டிய மனைக்கும் அதே மதிப்புதான் வரும். இன்னொரு ஐந்து செண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைடுலைன் சதுர அடி 1,000 என்றால் மதிப்பு 21,78,000. பேசிய விலை செண்ட் மூன்று லட்சம், மொத்தம் பதினைந்து லட்சம். கட்டணம் கைடுலைனுக்குத்தான்: 1,96,020 ரூபாய். கொடுத்த விலைக்கு மட்டும் என்றால் 1,35,000-தான் வந்திருக்கும்.

இங்கே இரண்டு வழி இருக்கிறது. கூடுதல் 61,020 ரூபாயைக் கட்டிப் பத்திரத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வரலாம். இல்லையென்றால் பேசிய விலைக்கே தீர்வை கட்டி, முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி மதிப்பை நிர்ணயிக்க அனுப்பச் சொல்லலாம். முத்திரைத்தாள் தனித் துணை ஆட்சியர் விசாரித்து மதிப்பை முடிவு செய்வார். பாதையின் அகலம், பள்ளம், பக்கத்து விலை எல்லாவற்றையும் அங்கே எடுத்துச் சொல்லலாம். முடிவு ஒத்துவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் பதிவுத் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும் வரை அசல் பத்திரம் கைக்கு வராது, அதை வைத்துக் கடனும் வாங்க முடியாது. அவசரமாக வீடு கட்டப் போகிறவருக்கு இந்த வழி ஒத்துவராது.

எந்த வழியில் போனாலும் வருமான வரியை மறக்காதீர்கள். கைடுலைன் பேசிய விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், விற்பவருக்குக் கைடுலைனே விற்ற விலை. வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் வருமானம். இந்த மனையில் அது 6,78,000 ரூபாய். 61,020-ஐக் கட்டிவிட்டு முடிந்தது என்று போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 47-ஏ விசாரணையில் மதிப்பு குறைந்தால் வருமான வரிக்கும் குறைந்த மதிப்பே கணக்கு. அதனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால், ஆறு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பச் சொல்வதே மேல் என்பது என் கருத்து.

படி 6: அட்வான்ஸுக்கு முன்னால் பேசி முடியுங்கள்

பத்திரத்தில் எந்தத் தொகை என்பதை விலை பேசும்போதே பேச வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேசினால் உங்களுக்குப் பிடி இருக்காது. நாங்கள் தரகரிடம், முழு விலையும் பத்திரத்தில் வரும், பணம் வங்கி வழியாகத்தான் என்று சொல்லிவிட்டோம். விற்கிறவர் முதலில் மறுத்தார். அவருக்குக் கூடுதலாக வரும் வரியைக் கணக்குப் போட்டுக் காட்டி, செண்டுக்குப் பதினைந்தாயிரம் ஏற்றிக் கொடுத்தோம். கிரயம் 30,75,000-க்கு முடிந்தது, பதிவுச் செலவு 2,76,750.

பதிவுக்கு முந்தின நாள் பத்திர எழுத்தரிடம் வரைவை வாங்கி ஒரு முறை படித்தோம். பணம் கொடுத்த விவரத்தில் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று வழக்கமான வரி ஒன்று இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, வங்கிப் பரிமாற்ற எண்ணும் தேதியும் போட்டு மாற்றி எழுதி வாங்கினோம்.