எழுத்துப் பிழை இல்லை, ஆனாலும் கடிதம் திரும்பி வந்தது

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றுக்காக ஒரு திட்ட முன்மொழிவைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். 12 குடும்பங்களுக்கு மலசலகூடம் கட்ட உதவி கேட்கும் கோரிக்கை அது. மூன்று தடவை வாசித்தோம், ஒரு சந்திப்பிழைகூட இல்லை. பத்தாம் நாள் கோவை அப்படியே திரும்பி வந்தது. வசனங்களில் குறை ஒன்றும் இல்லை. தொகை, திகதி, பெயர் ஆகிய மூன்றிலும்தான் ஒவ்வொரு பிழை.

கருத்துக்காக வாசிக்கும்போது கண் இலக்கங்களின் மேல் வழுக்கிப் போய்விடும். அடுத்து என்ன வரும் என்று நமக்கே தெரிந்திருப்பதால், இல்லாததும் இருப்பதுபோலத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் நான் ஆவணத்தைப் பல தடவை பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விடயத்தை மட்டும். முதலில் தொகைகள், அப்புறம் திகதிகள், அப்புறம் பெயர்கள். வசனம் நன்றாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

தொகையில் நடந்தது இது. ஒரு குடும்பத்துக்கு ரூபா 185,000 வீதம் 12 குடும்பங்களுக்கு 2,220,000. அட்டவணையின் அடியில் அந்தத் தொகை சரியாகவே இருந்தது. ஆனால் அதை நான் அட்டவணையைக் கூட்டி எடுக்கவில்லை, தனியாகப் பெருக்கி எழுதியிருந்தேன். அலுவலகத்தில் வரிசைகளைக் கூட்டிப் பார்த்தவருக்கு 2,193,000 வந்திருக்கிறது. வித்தியாசம் 27,000.

இப்படி வித்தியாசம் வந்தால் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 27,000 வகுபடுகிறது. ஏழாவது வரிசையில் 185,000 என்பது 158,000 ஆகியிருந்தது. பழைய கணக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. வகுபட்டால் இடமாற்றம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒரு பூச்சியம் குறைந்தாலும் வகுபடும். ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம். வகுபடாவிட்டால், ஒரு வரிசை விடுபட்டதா, ஓர் இலக்கம் தவறாக விழுந்ததா என்று பாருங்கள்.

தொகையை எழுத்தில் எழுதும் இடத்தையும் தனியாக ஒப்பிட வேண்டும். இலக்கத்தைத் திருத்தியவர் அநேகமாக எழுத்தைத் திருத்த மறந்துவிடுவார். காசோலையில் இரண்டும் முரண்பட்டால் எழுத்திலுள்ள தொகையே செல்லும் என்பது சட்டம். ஆனால் வங்கிகள் பெரும்பாலும் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

திகதிக்கு வருவோம். 03.04.2025 என்று எழுதினால் சிலர் ஏப்ரல் 3 என்பார்கள், சிலர் மார்ச் 4 என்பார்கள். நம் அரச கடிதங்களில் 2025.04.03 என்று வருடம் முன்னால் வருவது வழக்கம். எந்த முறையானாலும் முதல் பக்கம் முதல் கடைசி இணைப்பு வரை ஒன்றாக இருக்கட்டும். கூட்ட அழைப்பாக இருந்தால் கிழமையையும் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். “2025.03.13 வெள்ளிக்கிழமை” என்று ஒரு அழைப்பு என் கைக்கு வந்தது. அன்று வியாழன், அதுவும் போயா விடுமுறை.

எங்கள் கோவையில் பிழைத்த திகதி, பட்டியலில் இருந்த ஒரு பெண்ணின் பிறந்த திகதி. மூலத்தில் 12.03.1985 என்று இருந்ததை முறை மாற்றும் அவசரத்தில் 1985.12.03 ஆக்கிவிட்டேன். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் நல்ல திகதிகள்தான். காட்டிக்கொடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். 12 இலக்கப் புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வரும், நாள் கணக்கு அதே மாதிரித்தான்.

போட்டுப் பாருங்கள். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சில் 12, மொத்தம் 72. அவர் பெண் என்பதால் 572. ஆகவே இலக்கம் 85572 என்று தொடங்க வேண்டும், அட்டையிலும் அப்படியே இருந்தது. டிசம்பர் 3 என்றால் 85838 என்று வந்திருக்கும். 1985 லீப் வருடம் இல்லையே என்று கேட்பீர்கள். அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான், அதை மறந்தால் ஒரு நாள் பிசகும். சரி, கணக்குப் போட்டும் பொருந்தாவிட்டால்? நீங்களாக எதையும் திருத்த வேண்டாம். சிலருக்கு அட்டையும் பிறப்புச் சான்றிதழுமே வேறுபட்டிருக்கும். உரியவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பெயரில் நமக்கு இயல்பாக வரும் எழுத்துமுறையைப் போடுவதுதான் பெரிய தவறு. முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று கல்முனைப் பக்கத்தில் ஒரே பெயர் பல விதமாக எழுதப்படுகிறது. இராசையாவும் ராசையாவும் அப்படித்தான். எது அழகு என்பது நம் வேலை இல்லை, அட்டையில் உள்ளபடி எழுத வேண்டும். முதலெழுத்தும் அதுபோலவே. பட்டியலில் “மு.இ.”, கையொப்பத்தில் “எம்.ஐ.” என்றிருந்தால், வாசிக்கும் அதிகாரிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

இடப்பெயரில் மட்டக்களப்புக்காரர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மண்முனை என்று தொடங்கும் பிரதேச செயலகப் பிரிவுகள் மட்டும் ஐந்து. மண்முனை வடக்கு என்றால் மட்டக்களப்பு நகரம், மண்முனை மேற்கு என்றால் வவுணதீவு, மண்முனைப்பற்று என்றால் ஆரையம்பதி. பட்டிப்பளை மண்முனை தென்மேற்கு. களுவாஞ்சிக்குடி மண்முனை தென் எருவில் பற்று. பழைய கடிதத்தைப் பிரதி எடுத்து முகவரியை மாற்றும்போது ஒரு சொல் தப்பினாலும் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். அதோடு பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒன்று அரச நிர்வாக அலுவலகம், மற்றது தேர்தலில் தெரிவான சபை. “பிரதேசம்” என்று சுருக்கி எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்பது யாருக்கும் விளங்காது.

சொற்களை ஒரே மாதிரி வைக்கும்போது கணினி நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். முதல் பக்கத்தில் “சங்கம்” என்று அழைத்ததை நடுவில் “அமைப்பு” என்றால் இரண்டு தரப்பு இருப்பதுபோலத் தோன்றும். சரி, Ctrl+F போட்டு “சங்கம்” என்று தேடினால் “சங்கத்தின்”, “சங்கத்துக்கு” எதுவும் அகப்படாது. “சங்க” என்று மட்டும் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆவணத்தின் ஒரு பகுதி பாமினி எழுத்துருவிலும் மற்றது யுனிகோடிலும் இருந்தால், யுனிகோடில் தேடும்போது பாமினிப் பகுதி முழுவதும் தப்பிவிடும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மாற்றுவதை நான் விட்டுவிட்டேன்.

“மேலே பந்தி 4 இல் கூறியவாறு”, “இணைப்பு 3 ஐப் பார்க்க” போன்ற சுட்டல்களை வசனத் திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும். ஒரு பந்தியை நீக்கினால் அதன் கீழுள்ள இலக்கங்கள் எல்லாம் நகரும், ஆனால் அவற்றைச் சுட்டும் வசனங்கள் நகராது. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். “உமது இல.” என்ற இடத்தில் எழுதும் இலக்கத்தையும் அவர்கள் அனுப்பிய கடிதத்தையே கையில் வைத்து ஒப்பிடுங்கள். அதில் ஒரு சாய்கோடு விடுபட்டாலும் கோவை அறையில் உங்கள் கடிதம் சேர வேண்டிய கோவையைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

கடைசித் தடவை இரண்டு பேர் உட்காருவது நல்லது. ஒருவர் அச்சிட்ட தாளை வாசிக்க, மற்றவர் அட்டைப் பிரதியைப் பார்க்க வேண்டும். இலக்கங்களை “எட்டு, ஐந்து, ஐந்து, ஏழு, இரண்டு” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாராவது ஒரு சொல்லைத் திருத்தினால் அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசியுங்கள். எங்கள் முன்மொழிவில் 158,000 நுழைந்தது முதல் தட்டச்சில் இல்லை, கையொப்பம் வைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செய்த ஒரு திருத்தத்தில்தான்.