நடைபாதை வியாபாரிகளிடம் குறுங்காப்பீட்டை அறிவிக்கும் உரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைபாதை வியாபாரிகளுக்கான குறுங்காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் அவர்களுக்குக் கடன் தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கூட்டத்தில், ஒரு கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ, பதினைந்து நிமிட உரை ஒன்றின் வழியாக அறிவிக்கப்படுகிறது. வந்திருப்பவர்களில் மிகச் சிலரே பின்னர் பாலிசிப் பத்திரத்தை எடுத்துப் படிப்பார்கள். மற்றவர்களுக்கு அன்று காதில் விழுந்ததுதான் பாலிசி. ஆகவே மேடையில் கவனமின்றி விடப்படும் ஒரு சொல், ஆறு மாதம் கழித்து கிளைம் மறுப்புக் கடிதமாக அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

விளக்கத்துக்காக ஒரு திட்டத்தை அமைத்துக்கொள்வோம். ஆண்டுப் பிரீமியம் 365 ரூபாய். மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கினால், முதல் நாளைக் கழித்து, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 15 நாள் வரை கிடைக்கும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். தீ, புயல், வெள்ளத்தால் சரக்கு சேதமானால் 10,000 ரூபாய் வரை இழப்பீடு.

இத்தகைய திட்டத்தை அறிவிக்கும்போது முதலில் நாவில் வருவது "ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரூபாய்" என்ற வாசகம். கணக்கு சரிதான், ஆனால் கேட்பவர் தினத்தவணைக்குப் பழகியவர். காலையில் வாங்கிய கடனுக்கு மாலையில் வசூல் கொடுப்பவரிடம் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்றால், தினமும் யாரோ வந்து ஒரு ரூபாய் வாங்கிக்கொள்வார்கள் என்றே அவர் புரிந்துகொள்வார். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64 வி.பி. பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. ஆகவே "365 ரூபாயையும் மொத்தமாகக் கட்ட வேண்டும், கட்டிய பிறகே பாதுகாப்பு தொடங்கும், அடுத்த ஆண்டு இதே தேதிக்குள் மறுபடி கட்ட வேண்டும்" என்று சொல்லிவிடுவதே முறை. தவணையில் செலுத்தும் வசதி உண்மையாகவே இருந்தால், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு, என் கணிப்பில் மிகப் பெரியது, "மருத்துவமனைக்குப் போனால் பணம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. ஒரு கூட்டத்தில் பேச்சு முடிந்ததும், மடியில் மல்லிகையை வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, கைநூலை நிறுத்தாமல், "போன மாசம் தெருமுனை டாக்டர்கிட்ட ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினேன், அதுக்கு வருமாங்கய்யா?" என்று கேட்டார். பாலிசி எடுப்பதற்கு முந்தைய சிகிச்சை என்பது ஒருபுறம் இருக்க, எடுத்த பிறகாக இருந்தாலும் அதற்குப் பணம் வராது. உரையில் விடுபட்டுப்போனது முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. உள்நோயாளி என்றால் பொதுவாக 24 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். மருத்துவமனை பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பதிவில்லையென்றால் இரவு பகலாகச் செவிலியர் இருப்பது, பெருநகரில் குறைந்தது 15 படுக்கைகள் இருப்பது போன்ற அளவுகோல்களை நிறைவுசெய்ய வேண்டும். மேலும் விபத்தைத் தவிர்த்த நோய்களுக்கு, பாலிசி தொடங்கிய முதல் 30 நாளில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

இவற்றை விதிகளாக அடுக்கினால் மனத்தில் தங்காது. ஒரு பழக்கடைக்காரரின் கதையாகச் சொன்னால் தங்கும். அவர் ஜூன் 1 அன்று பணம் கட்டுகிறார். ஜூன் 20 அன்று டெங்குக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தால் ஒரு ரூபாயும் வராது. 30 நாள் முடியவில்லை. அதே காய்ச்சல் ஆகஸ்டில் வந்து, அரசு பொது மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தால், முதல் நாள் போக நான்கு நாளுக்கு 2,000 ரூபாய் வரும். அரசு மருத்துவமனையில் பில் இல்லையே என்று அவர் தயங்க வேண்டியதில்லை. இந்தத் தொகை சிகிச்சைச் செலவுக்கானதன்று, வண்டி ஓடாத நாளுக்கானது. எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் வீடு திரும்பினார் என்று காட்டும் டிஸ்சார்ஜ் சீட்டுதான் முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவருக்கும் இதே காரணத்தால் தினத்தொகை கிடைக்கும். இந்த ஒரு செய்தியை விட்டுவிடும் உரை, திட்டத்தின் உண்மையான பயனையே சொல்லாமல் விடுகிறது. பெற வேண்டிய பணத்தைப் பலர் கேட்காமலே போவதற்கும் இதுவே காரணம்.

சரக்குக்கான பாதுகாப்பைப் பேசும்போது, "உங்கள் வண்டிக்கும் சரக்குக்கும் எது வந்தாலும் நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லக் கூடாது. வியாபாரியின் மனத்தில் உடனே எழும் அச்சம் புயலைப் பற்றியதன்று. மாநகராட்சி வண்டி வந்து தராசையும் தள்ளுவண்டியையும் ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றியது. அரசு அதிகாரிகளின் உத்தரவால் ஏற்படும் இழப்பு இத்தகைய பாலிசிகளில் வழக்கமாகவே விலக்கப்பட்டது. இதைப் பேச்சாளர் தாமே எழுப்பி, இதற்கு இழப்பீடு கிடையாது என்று சொல்ல வேண்டும். அதோடு நில்லாமல், 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்த பொருளைக் கோரினால், அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சொன்னால், அது அவருக்குக் கையில் எடுத்துச் செல்லத்தக்க செய்தி. விற்காமல் அழுகிய தக்காளிக்கும் இழப்பீடு இல்லை. திருட்டைச் சேர்த்த பாலிசிகளும் பூட்டை உடைத்து நடந்த களவையே பெரும்பாலும் ஏற்பதால், தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிய வண்டி அதற்குள் வருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேச்சாளர் மேடையேற வேண்டும்.

வந்திருப்பவர்களில் பலரிடம் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யப்படும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனா ஏற்கெனவே இருக்கும். விபத்து மரணத்துக்கு அது 2 லட்சம் தருகிறது. 365 ரூபாய்த் திட்டம் போன்றதை விற்க வந்தவர்களுக்கு இதை மறைக்கத் தோன்றலாம். மறைத்தால், கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து கேட்ட கணத்தில் உரை முழுவதும் நம்பிக்கை இழக்கும். இரண்டும் இருந்தால் இரண்டிலிருந்தும் பணம் வரும் என்றும், மருத்துவமனை நாள்களுக்கும் சரக்குக்கும் அந்த 20 ரூபாய்த் திட்டம் எதுவும் தராது என்றும் சொல்வதே நேர்மை.

"இன்றே சேருபவர்களுக்கு பிரீமியத்தில் நூறு ரூபாய் திருப்பித் தருவோம்" போன்ற அறிவிப்புகளை ஆர்வமிகுதியில் செய்துவிடக் கூடாது. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பிரீமியத்தில் சலுகை காட்டி ஆளைச் சேர்ப்பதைத் தடை செய்கிறது; அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். கடன் தரும் நிறுவனத்தின் கூட்டம் என்பதால், இதில் சேராவிட்டாலும் கடன் கிடைக்கும் என்பதைத் தெளிவாக, இரண்டு முறையாவது சொல்ல வேண்டும்.

உரையின் முடிவில் நன்றி கூறுவதோடு மேடையை விட்டு இறங்குவதும் தவறே. படிவம் நிரப்பும் அந்தப் பத்து நிமிடத்தைப் பேச்சாளரே நடத்த வேண்டும். ஆதாரில் "மு. லட்சுமி" என்றும் வங்கிப் புத்தகத்தில் "லட்சுமி கே." என்றும் இருக்கும் பெண்கள் ஏராளம், அப்பாவின் தலைப்பெழுத்துக்கும் கணவரின் தலைப்பெழுத்துக்கும் இடையே கிளைம் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். நாமினியாகப் பள்ளி செல்லும் மகனை எழுதியவரிடம், 18 வயது நிறையாதவருக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரின் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். படிவத்தை உயர்த்தி அந்தக் கட்டத்தைக் காட்டி, அனைவரும் நிரப்பும் வரை ஒலிபெருக்கியை அணைக்காமல் இருக்க வேண்டும்.