சண்டை வேண்டாம் என்று வருபவர்கள் முதல் மெனுவிலேயே செய்யும் தவறு

என் சித்தி மகன் போன மாதம் கடலுக்கடியில் நடக்கும் சப்னாட்டிகா கேமை வாங்கினான். "சுடுறது வெட்டுறதெல்லாம் வேணாம்ணா. சும்மா சுத்திப் பாக்கணும், நாலு பொருள் சேத்து ஏதாவது செய்யணும், அவ்வளவுதான்" என்றான். அப்படிக் கேட்பவருக்கு நானும் அந்த கேமைத்தான் சொல்வேன். ஆனால் அவன் மாட்டிக்கொண்ட இடம் எனக்குப் பழக்கமானது. புதிதாக வருபவர்கள் ஒருவர் விடாமல் அங்கேயே போய் விழுகிறார்கள்.

ஆக்ஸிஜன் தீர்வதற்குள் மேலே வா, தாகம் எடுத்தால் தண்ணீர் குடி என்பதையெல்லாம் கேமே சொல்லிக்கொடுத்துவிடும். நான் அதற்குள் போகவில்லை.

எந்த மோடு எதை அணைக்கிறது என்று பார்க்காமல் தொடங்குவது

சப்னாட்டிகாவில் புது ஆட்டம் தொடங்கும்போது நான்கு மோடுகள் வரும்: சர்வைவல், ஃப்ரீடம், ஹார்ட்கோர், கிரியேட்டிவ். சண்டை பிடிக்காதவர் கை நேராக ஃப்ரீடத்துக்குப் போகும். கேட்கவே நிம்மதியாக இருக்கிறதே. ஆனால் அந்த மோடு அணைப்பது பசியையும் தாகத்தையும் மட்டும்தான். கடலில் உள்ள ஜந்து ஒன்றுகூடக் குறையாது, ஒன்றின் குணமும் மாறாது.

தம்பி அப்படித்தான் தொடங்கினான். துண்டு துண்டாக ஸ்கேன் செய்து, டைட்டானியம் உருக்கி, கண்ணாடி செய்து, ஈயம் தேடிப்பிடித்து ஒரு சீமோத் கட்டினான். ஒருவர் உட்காரும் சின்ன நீர்மூழ்கி அது. கட்டிய கையோடு, தூரத்தில் எரிந்துகொண்டிருக்கும் அரோரா விண்கப்பலைப் பார்க்கக் கிளம்பினான். கப்பலைச் சுற்றியுள்ள கலங்கிய நீரில் ரீப்பர் லெவியத்தான் என்ற ராட்சத ஜந்து திரிகிறது. அது சீமோத்தை வாயில் கவ்வி உலுக்கி நொறுக்கிவிட்டது. உள்ளே வைத்திருந்த பொருளும் போச்சு. இந்த கேமில் ஆட்டோசேவ் கிடையாது என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அண்ணா, ஃப்ரீடம்னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் கடிக்குது?"

கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு கிரியேட்டிவில் புதிதாகத் தொடங்கினான். எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இந்த இரண்டாவது முடிவுதான். கிரியேட்டிவில் கடி உறைக்காது, சரி. கூடவே ஆக்ஸிஜன் கவலை போகிறது, மூலப்பொருள் தேவை போகிறது, எல்லாச் செய்முறையும் முதல் நிமிடத்திலேயே திறந்துகிடக்கிறது, கதையும் இல்லை. இரண்டு மாலை எதையெதையோ கட்டிப் பார்த்துவிட்டு "போரடிக்குதுண்ணா" என்று மூடிவைத்தான். போரடிக்காமல் என்ன செய்யும்?

இந்த கேமில் உங்களை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தள்ளுவது தேவை. தொடங்கும் ஆழமற்ற பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளை உடைத்தால் டைட்டானியமும் செம்பும் கிடைக்கும். அடுத்த கருவிக்கு வயரிங் கிட் வேண்டும், அதற்கு வெள்ளி வேண்டும். வெள்ளிக்காக மணற்பாறை தேடி, சிவப்புப் புல் படர்ந்த சமவெளிக்குப் போவீர்கள். போன இடத்தில் ஒரு உடைந்த கப்பல் பகுதி கண்ணில் படும். அதற்குள் ஒரு வாகனத்தின் பாகம் கிடக்கும். இதற்கிடையில், பழுது பார்த்த ரேடியோவில் வேறொரு உயிர்காப்புக் கலத்திலிருந்து செய்தி வந்திருக்கும். இப்படித்தான் ஊர் சுற்றல் நடக்கிறது. தேவையை அணைத்துவிட்டால் கடல் வெறும் காட்சிப்பொருள்.

அதனால் சண்டை வேண்டாம் என்பவருக்கு என் சிபாரிசு சர்வைவல் மோடுதான். கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் இந்த கேமில் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் வேலையே இல்லை. 2012-இல் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, இதில் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுத்ததாக இதை இயக்கிய சார்லி கிளீவ்லாண்ட் சொல்லியிருக்கிறார். எனவே ஆபத்து வந்தால் விலகிப் போவதுதான் வழி. விலகிப் போக, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ரீப்பர் இருக்கும் இடங்கள் மூன்று: அரோரா விழுந்துகிடக்கும் பகுதி, வடகிழக்கில் மலைப்பகுதி, மேற்கே மணல்மேட்டுப் பகுதி. தொடங்கும் இடத்திலிருந்து அரோரா கிழக்கே தெரியும். காம்பஸ் செய்யும்வரை அதையே திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் இந்த மூன்று பக்கமும் போகாமல் சுற்ற இடம் இருக்கிறது. கதைக்காகக் கப்பலுக்குள் ஒருநாள் போகத்தான் வேண்டும். அதற்குள் சீமோத்தில் மின்அதிர்ச்சி தரும் பாதுகாப்பு மாட்யூலைப் பொருத்திவிடுங்கள். கவ்வினாலும் ஓர் அதிர்ச்சியில் விட்டுவிடும். ரீப்பரின் உறுமல், அது கண்ணுக்குத் தெரியும் முன்பே கேட்கும். அந்த ஜந்து ஒலியால்தான் இரை தேடுகிறது, ஆகவே சத்தம் கேட்டதும் வந்த வழியே திரும்புங்கள். எங்கே இருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டாம். இன்னொன்று, வரைபடத்தின் எல்லை தாண்டி அடியில்லாத இருட்டுக்குள் போனால் கோஸ்ட் லெவியத்தான் வரும். கடலடித் தரை செங்குத்தாக இறங்கி மறைந்தால் அதுதான் எல்லை.

பசிதான் தொந்தரவு என்றால் தென்மேற்கே மிதக்கும் தீவுக்குப் போய் வாருங்கள். மேகம் மூடியிருப்பதால் அருகே போகும்வரை தெரியாது. அங்கே விளையும் மார்பிள்மெலன் பசி, தாகம் இரண்டையும் தீர்க்கும். கத்தியால் ஒரு பழத்தை வெட்டினால் விதை கிடைக்கும். உங்கள் தளத்துக்குள் தொட்டியில் நட்டுவிட்டால் அதற்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. ஃப்ரீடம் மோடு முதல் நாளே சும்மா கொடுப்பதை நீங்கள் ஒரு பயணம் போய் சம்பாதிக்கிறீர்கள்.

இவ்வளவு சொல்லியும் அந்த ஜந்துக்களைப் பார்த்தாலே உடல் நடுங்குகிறது என்பவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் ஆடுபவர் கேமுக்குள் கட்டளை தட்டும் கன்சோலைத் திறந்து இந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும்:

```
invisible
```

ஜந்துக்கள் உங்களைக் கண்டுகொள்ளாது. பசி, ஆக்ஸிஜன், தேடல், கதை எல்லாம் அப்படியே இருக்கும். கன்சோலைத் தொட்டால் அச்சீவ்மென்ட் கிடைக்காமல் போகும். அது பெரிதில்லை என்றால், தம்பி தேடிய ஆட்டம் இதுதான்.

ஆக்ஸிஜன் எண்ணை மேலே இருப்பது போலவே ஆழத்திலும் நம்புவது

டாங்க் இல்லாமல் உங்களுக்கு 45 விநாடி. சாதாரண டாங்க் ஒன்று மாட்டினால் 75. இது எல்லோருக்கும் தெரியும். 100 மீட்டருக்குக் கீழே அதே மூச்சு வேகமாகக் கரையும் என்பது தெரிவதில்லை, இன்னும் கீழே போனால் இன்னும் வேகம். திரையில் எண் ஒவ்வொன்றாகக் குறையாமல் தாவித் தாவிக் குறைந்தால் அதுதான் அறிகுறி. ரீபிரீதர் முகமூடி போட்டால் இந்தக் கூடுதல் செலவு நின்றுவிடும். அது இல்லாமல் ஆழத்தில் உள்ள உடைந்த கப்பலுக்குள் நுழையாதீர்கள். உள்ளே எல்லா அறையும் ஒரே மாதிரி சாய்ந்து கிடக்கும், எது மேல் எது கீழ் என்றே புரியாது. பாதி ஆக்ஸிஜனில் திரும்புவது மேலே சரியான கணக்கு. கப்பலுக்குள் அது போதாது, வழி தேடவும் நேரம் வேண்டும்.

பீக்கன் போடாமல் நீந்துவது

இந்த கேமில் வரைபடம் கிடையாது. ஒரு டைட்டானியம், ஒரு செம்பு இருந்தால், போட்ட இடத்தைத் திரையில் காட்டும் பீக்கன் ஒன்று செய்துவிடலாம். அப்படியிருந்தும் மிச்சம் பிடிக்கிறார்கள்! கிளம்பும்போது கையில் இரண்டு மூன்றாவது இருக்கட்டும். குகை வாய், உடைந்த கப்பல், லித்தியம் கிடைத்த இடம் என்று எதைக் கண்டாலும் ஒன்றை விட்டு, பெயரும் ஆழமும் எழுதுங்கள். "கப்பல், கதவு வெட்டணும், 180 மீ" என்று எழுதியிருந்தால், லேசர் கட்டர் செய்த பிறகு அந்தக் கதவை எங்கே பார்த்தோம் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேட வேண்டியிருக்காது. திரையில் கூட்டமாகிவிட்டால் பி.டி.ஏ.வில் வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம்.

கத்தி செய்யாமல் இருப்பது

கத்தி சண்டைக்கு அல்ல, அறுவடைக்கு. முதல் நாளே செய்யுங்கள்.

மைன்கிராஃப்டில் பீஸ்ஃபுல் போட்டுவிட்டு கடைசிவரை போகலாம் என்று நினைப்பது

இங்கே கதை தலைகீழ். பீஸ்ஃபுல் போட்டால் தாக்கும் மிருகங்கள் வராது, பசியும் குறையாது. சுற்றுவதற்கு நல்ல மோடுதான். ஆனால் தாக்கும் மிருகங்களில் ஒன்றான பிளேஸ் இல்லை என்றால் அது தரும் பிளேஸ் ராட் இல்லை. அது இல்லாமல் மருந்து காய்ச்சவும் முடியாது, எண்ட் உலகத்தின் வாசலைத் திறக்கும் ஐ ஆஃப் எண்டரும் இல்லை. அதனால் எண்ட் உலகம் திறக்காது. ஊர் சுற்றுபவருக்கு இதில் வலிக்கும் இடம் எலிட்ரா, பறக்கும் சிறகு. அது எண்ட் உலகத்தில்தான் கிடைக்கிறது. நல்லவேளையாக, லாக் செய்யாதவரை இந்த அமைப்பை நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிளேஸ் ராட் எடுக்க மட்டும் ஈஸிக்கு மாற்றுங்கள். சண்டையில் விருப்பமுள்ள நண்பர் ஒருவரை உடன் அழைத்துப் போய் அந்த வேலையை அவர் தலையில் கட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆடுவதற்கு முன்பே யூடியூபில் முழு வரைபடத்தையும் பார்ப்பது

பார்த்தாயிற்றா? வேறு கேம் வாங்குங்கள்.

ஓநாய் ஓடிவிடுகிறது என்பதால் தீப்பெட்டி இல்லாமல் கிளம்புவது

கனடாவின் வடக்கில் பனிக்காட்டில் நடக்கும் தி லாங் டார்க் கேமில் பில்கிரிம் என்றொரு நிலை உண்டு. ஓநாயும் கரடியும் உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகும். நடந்துகொண்டே இருக்க விரும்புபவருக்கு இதைவிடச் சரியான அமைப்பை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் இது அணைப்பது மிருகத்தின் கோபத்தை மட்டும்தான். குளிர் அப்படியே இருக்கிறது. பனிப்புயல் வந்தால் பத்தடி தூரத்தில் உள்ள குடிசையும் தெரியாது. காற்று வீசும் பக்கம் தீ மூட்டினால் அணைந்துவிடும், பாறைக்குப் பின்னால் ஒதுங்கித்தான் மூட்ட வேண்டும். இறந்தால் பழைய சேவுக்குத் திரும்ப வழியில்லை. தீ மூட்டிய இடத்தில் கரி கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிந்ததும் உயரமான இடத்தில் நின்று அந்தக் கரியால் சுற்றுப்புறத்தை வரைந்தால்தான் வரைபடம் நிரம்பும். புயலுக்குள் நின்று வரைய முடியாது.