பொங்கல் வாழ்த்தும் விற்பனைச் செய்தியும்: கோலாலம்பூர் மளிகைக்கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு முன் மளிகைக்கடைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவை, "கடல் கடந்து வாழும் தமிழ் உறவுகளே, தாய்நாட்டின் ஏக்கம் தீர" என்றுதான் தொடங்குகின்றன. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடைக்கு வருபவர்களில் பலர் மூன்று, நான்கு தலைமுறையாக இங்கேயே வாழும் மலேசியத் தமிழர்கள். அவர்களுக்குத் தாய்நாடு மலேசியாதான். அந்த வரி அவர்களை அந்நியராக்கிவிடுகிறது. தஞ்சாவூரிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவருக்கும் அது ஆறுதல் தருவதில்லை. தான் தொலைவில் இருப்பது அவருக்கே தெரியும். அவர் தேடுவது அச்சு வெல்லத்தையும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தையும்தான். அவற்றின் பெயரைச் சொன்னாலே போதும், ஊர் தானாக நினைவுக்கு வரும்.

அடுத்த தவறு, வாழ்த்தையும் விலையையும் ஒரே செய்தியில் அனுப்புவது. தைப்பிறப்பன்று காலையில் விலைப்பட்டியல் போனால் அது வாழ்த்தாகவும் படாது, அதைப் பார்த்து வாங்கவும் நேரமிருக்காது. விற்பனைச் செய்தியை ஒரு வாரம் முன்னதாக, ஜனவரி 8 வாக்கில் அனுப்புங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்பது 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி. சம்பளம் வருமுன் 3ஆம் தேதியே அனுப்பினால் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். பொங்கலன்று இரண்டு வரி வாழ்த்து மட்டும் போகட்டும். அதில் விலையும் வேண்டாம், கடை முகவரியும் வேண்டாம்.

அதிகம் நட்டம் வருவது அளவில்தான். 5 கிலோ பச்சரிசிக்குத் தள்ளுபடி என்பது குடும்பம் உள்ளவருக்குப் பயன்படும். ஆனால் அறையில் நான்கு பேரோடு ஒரே அடுப்பில் சமைப்பவர் அவ்வளவு அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருக்கு ஒரு வேளைச் சர்க்கரைப் பொங்கலுக்கான பொருள் மட்டும் போதும். பொங்கல் இங்கே நாடு தழுவிய பொது விடுமுறை இல்லை என்பதால், வேலை முடிந்து இரவு வந்து வாங்க வழி இருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதலாம் (விலை எடுத்துக்காட்டுதான்):

*பொங்கல் ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. முன்பதிவு 11 திங்கள் இரவு 9 மணி வரை.*

4 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் பை, 20 ரிங்கிட்: பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், அச்சு வெல்லம் 400 கிராம், நெய் 100 மில்லி, முந்திரி திராட்சை 50 கிராம், ஏலக்காய் 10. குறைந்தது 3 லிட்டர் பாத்திரம் வேண்டும்.

மஞ்சள் கொத்து 13 புதன் காலை வரும். கரும்பு முழுசாகவும் கிடைக்கும், வெட்டியும் தருவோம். 13, 14 இரண்டு நாளும் இரவு 10 மணி வரை கடை திறந்திருக்கும்.

தேதியும் முன்பதிவுக் கெடுவும் முதல் வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும், பலர் அதை விரித்துப் பார்ப்பதில்லை. மஞ்சள் கொத்தின் இலை சீக்கிரம் வாடிவிடும். அதனால் அது வரும் நாளைச் சொல்லாமல் "கிடைக்கும்" என்று மட்டும் எழுதினால், 10ஆம் தேதியே வந்து கேட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். கரும்பை வெட்டித் தருவோம் என்ற சொல்லும் எல்ஆர்டி ரயிலில் போகிறவருக்காகத்தான். ஆளுயரக் கழியோடு கூட்டத்தில் நிற்க முடியாது என்றே பலர் கரும்பு வாங்காமல் போகிறார்கள்.

"50 விழுக்காடு வரை தள்ளுபடி" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு ஊறுகாய் புட்டிக்குத்தான் அந்தத் தள்ளுபடி என்று கல்லாவில் தெரிந்தால், அடுத்த செய்தியை யாரும் நம்பமாட்டார்கள். விலை குறித்துத் தவறான எண்ணம் தரும் அறிவிப்பு 1999 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எந்தப் பொருள், பழைய விலை என்ன, இப்போது என்ன என்று நேராக எழுதிவிடுங்கள்.

அனுப்பும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவருக்கே செய்தி போகும். சேமிக்காதவருக்கு வராது, அவருக்கு வரவில்லை என்று வாட்ஸ்அப் உங்களுக்குத் தனியாகச் சொல்லவும் செய்யாது. ஒற்றைக் குறியிலேயே நிற்கும் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர்கள் கடைக்கு வரும்போது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். எல்லாரையும் ஒரு குழுவில் போட்டுவிடாதீர்கள், ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். "செய்தி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்" என ஒரு வரி கடைசியில் இருக்கட்டும். விளம்பரத்துக்குத் தன் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் உரிமையை 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளருக்குத் தருகிறது. அப்படிச் சொன்னவர் பெயரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.